நொடிச்சொல்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் செய்ததைப் பேச்சு என்று சொல்ல முடியாது. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு வாக்கியம் ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடைசியில் "சிக்னல் போகுது மாமா" என்றீர்கள். உங்கள் வீட்டு சிக்னல் எனக்குப் பதில் சொல்லவேண்டிய நேரத்தில்தான் போகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்குச் செய்து கொடுக்கும் மென்பொருளைப் புதிதாக மாற்றப்போகிறார்கள் என்று என் மகள் சொன்னாள். டாக்டரைப் பார்க்க நாள் குறிப்பது, நாளை மாற்றுவது, ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் பார்ப்பது எல்லாம் அதில்தானே. அதிலிருக்கும் தமிழ்ச் சொற்களை வைத்திருப்பதா, தூக்கிவிட்டு ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் போடுவதா என்று சோதனை செய்து சொல்லும் பொறுப்பு உங்களுடையதாம். இதை நீங்களே என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்தச் சொற்பட்டியலைச் செய்தவன் உங்கள் மாமனார். செய்து கொடுங்கள் என்று கேட்டவரும் நீங்கள்தான்.

முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கலைச்சொல் குழு ஒன்றில் உட்கார்ந்து எத்தனையோ சொற்கள் செய்தோம். அந்தப் புத்தகம் நூலக அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் சொற்கள் உயிரோடு இருக்கும் ஒரே இடம் உங்கள் மென்பொருள்தான். உடம்பு சரியில்லாத ஒருவர் அவற்றின் மேல் விரலை வைத்துத் தன் வேலையை முடித்துக்கொள்கிறார். இதைவிட ஒரு சொல்லுக்கு என்ன வேண்டும்?

ஓடிபி என்கிறார்களே, அதற்கு நான் செய்த "நொடிச்சொல்"லையே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நொடிகளில் செத்துப்போகும் கடவுச்சொல். மூன்று ஆங்கில எழுத்துகளுக்குள் இந்தப் பொருள் எங்கே இருக்கிறது?

நான் வெறுங்கையோடு வாதாட வரவில்லை. இங்குள்ள நூலகத்திலும் ஓய்வூதியர் சங்கத்திலும் ஒரு தாளைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல், உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று. பத்தில் ஒன்பது பேர் தமிழ்ச் சொல்லுக்குத்தான் குறி போட்டார்கள். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மேலாளரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
மாமா


மார்ச் 13

அன்புள்ள மாமா,

தாள்கள் வந்தன. நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அது தவறுதான். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் தள்ளிப்போட்டேன். நடக்கும் என்று பயந்தது இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் கணக்கை நான் மேலாளரிடம் காட்ட முடியாது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பதால் அல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, "தமிழ்ச் சொல் பிடிக்குமா, ஆங்கிலச் சொல் பிடிக்குமா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். "எனக்கு இங்கிலீஷ்தான் சார் பிடிக்கும்" என்று எவர் சொல்வார்? காய்கறி நல்லதா என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்பார்கள். தட்டில் எதை ஒதுக்கி வைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நாங்கள் பிடிக்குமா என்று கேட்பதே இல்லை. கையில் போனைக் கொடுத்து ஒரு வேலையைச் சொல்வோம். "செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்க நாள் குறிச்சிருக்கீங்க. அதை வியாழனுக்கு மாத்துங்க." பாதிப் பேருக்கு உங்கள் சொற்கள், பாதிப் பேருக்கு ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில். பிறகு வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். எங்கே தயங்குகிறார்கள், எதைத் தவறாக அழுத்துகிறார்கள், எங்கே கைவிடுகிறார்கள் என்று குறிப்போம். அதோடு, ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களின் பதிவும் இருக்கிறது. முதல் நாள் தமிழைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. அவர்களில் பாதிக்கு மேல் ஒரு மாதத்துக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை.

நொடிச்சொல்லைப் பற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். திரையில் "நொடிச்சொல்லை இடுக" என்று இருக்கிறது. போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் OTP என்று இருக்கிறது. அந்தச் செய்தியை ஏன் தமிழில் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்து, தமிழில் எழுபதுதான். ஒரு செய்தி இரண்டாகிவிடும், செலவும் இரட்டிப்பாகும், கம்பெனி சம்மதிக்கவில்லை. ஒரு அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஓடிபி வந்துடுச்சு தம்பி. இந்த நொடிச்சொல் எப்ப வரும்?" அவர் காத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஓடிபி செத்துப்போனது. நீங்கள் பெயர் வைத்தபடியேதான்.

உங்களுக்குச் சாதகமானதையும் மறைக்கவில்லை. தேடு, சேமி, அழி, அனுப்பு, முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றை எல்லோரும் உடனே அழுத்தினார்கள். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் போட்டதிலும் எல்லாம் சரியில்லை. "ரீஷெட்யூல்" என்பதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பலர் களைத்துப்போனார்கள். "பேக்" என்றால் பையா, பின்னால் போவதா என்று ஒருவர் கேட்டார். உங்கள் "நாளை மாற்று" அங்கே ஆங்கிலத்தைத் தோற்கடித்தது. பதிவேற்று, பதிவிறக்கு, டீஃபால்ட்டுக்கு வைத்த இயல்புநிலை, லாகினுக்கு வைத்த புகுபதிகை, நொடிச்சொல் ஆகியவை தோற்றன.

என் யோசனை இதுதான்: இரண்டு மொழியும் கலந்த பட்டியல். ஜெயித்த தமிழ்ச் சொற்கள் அப்படியே இருக்கட்டும். ஓடிபி ஓடிபியாகவே இருக்கட்டும். நீங்கள் சம்மதித்தால் இதற்காக மேலாளரிடம் சண்டை போடுவேன்.

மரியாதையுடன்,
மாப்பிள்ளை


மார்ச் 22

மாப்பிள்ளைக்கு,

காய்கறி உவமை நன்றாக இருக்கிறது. வகுப்பில் சொல்லியிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். குழந்தை முதல் நாள் ஒதுக்கியதை அம்மா மறுநாள் சமைப்பதை நிறுத்திவிடுகிறாளா?

உங்கள் சோதனை இன்று எது பழக்கம் என்று மட்டும்தான் சொல்கிறது. எது பழகும் என்று சொல்லாது. இணையம் என்ற சொல்லை முதன்முதலில் போட்டபோது நீங்கள் சோதித்திருந்தால் அதுவும் தோற்றிருக்கும். இன்று செய்தித்தாளில் அதைப் படித்து யார் விழிக்கிறார்கள்? குறுஞ்செய்தி என்று நீங்களே எனக்கு எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. நாம் பேசும் தமிழ் வேறு, படிக்கும் தமிழ் வேறு. வீட்டில் எல்லோரும் "டிவியைப் போடு" என்கிறோம். பாடப்புத்தகத்தில் தொலைக்காட்சி என்று இருந்தால் எவரும் திடுக்கிடுவதில்லை. பஸ்ஸில் ஏறுகிறோம், பேருந்து நிலையம் என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறோம். திரையில் இருக்கும் பொத்தான் பேச்சா, எழுத்தா? எழுத்து. "மக்கள் அப்படிப் பேசுவதில்லை" என்று சொல்லி ஒரு பலகையை நீங்கள் பிடுங்க முடியாது.

கலந்த பட்டியல் வேண்டாம். எளிய சொல்லுக்குத் தமிழ், கொஞ்சம் கனமான விஷயம் வந்தால் ஆங்கிலம் என்றால் படிப்பவன் என்ன கற்றுக்கொள்வான்? அழிப்பதற்கும் தேடுவதற்கும் தமிழ் போதும், அதற்கு மேல் தமிழுக்கு யோக்கியதை இல்லை என்று கற்றுக்கொள்வான். தோற்ற சொற்களுக்காகத்தான் நான் நிற்கிறேன். ஜெயித்தவற்றுக்கு நான் எதற்கு?

ஒரு நியாயமான காரியம் செய்யுங்கள். ஒரு மாதம் அந்தச் சொற்களோடு பழகியவர்களை வைத்துச் சோதியுங்கள். எங்கள் நூலக வாசிப்பறையில் முப்பது பேர் தயார். நானே நடத்துகிறேன்.

மாமா

பி.கு. புகுபதிகை நான் போட்டதல்ல, குழுவில் தமிழாசிரியர் ஒருவர் போட்டது. நான் "உள்ளே வா" என்றுதான் சொன்னேன். "கதவா சார் இது?" என்று சிரித்தார்கள்.


ஏப்ரல் 2

அன்புள்ள மாமா,

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை மேலாளரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "உங்க மாமனார் சொல்றதுல பாயிண்ட் இருக்கு" என்றார். ஒரு மாதம் பழக்கிப் பார்ப்பதற்கு ஒப்புக்கொண்டார். உங்களுக்கு எதிராகத்தான் நான் எப்போதும் வேலை பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

முப்பது பேரின் போனிலும் சோதனைப் பதிப்பை ஏற்றித் தரும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து ஐந்து வேலைகளைக் கொடுக்க வேண்டும். திரையில் நடப்பதும் அறையில் பேசுவதும் தானாகவே பதிவாகி எங்களுக்கு வந்துவிடும். பதிவாகிறது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

ஒரே ஒரு விதி. வேலையைப் படித்துச் சொன்ன பிறகு வாயே திறக்கக் கூடாது. அவர்கள் திணறினாலும், உங்கள் முகத்தைப் பார்த்தாலும், தப்பான பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாலும். "எனக்குத் தெரியல சார்" என்றால், "உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் திணறுவதுதான் நமக்குத் தகவல். அதைத் துடைத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

உங்களுக்கு இது கஷ்டம் என்று என் மனைவி சொல்கிறாள். "அப்பா வேண்டாம், அவரால சும்மா இருக்க முடியாது, வேற யாரையாவது வைங்க" என்றாள். அவர் பெரிய மனிதர், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நான்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை


மே 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முடிவுகள் உங்களுக்கு வந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுத ஆசை. முப்பது பேரில் இருபத்தேழு பேர் நொடிச்சொல்லைச் சரியாக இட்டார்கள். பரிசோதனை அறிக்கையைப் பதிவிறக்கினார்கள். தையல்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், ரசீது தவிர வேறு எதையும் படிக்காதவர். அவர் இயல்புநிலைக்குத் திரும்பி வந்து காட்டினார். எழுந்து கைகுலுக்கினேன்.

வாசிப்பறையில் மின்விசிறி சத்தம், வெளியே சைக்கிள் நிறுத்துகிறவரோடு யாரோ சண்டை, இதற்கு நடுவில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து என் சொற்களைத் தொட்டார்கள். என் மகள் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணுக்குக்கூட நான் இவ்வளவு மகிழவில்லை, அவளிடம் சொல்லாதீர்கள்.

ஒரு மாதம் மாப்பிள்ளை. ஒரே ஒரு மாதம் பழகினால் போதும் என்று சொன்னேனா இல்லையா? மேலாளரிடம் சீக்கிரம் கொடுங்கள்.

அன்புடன்,
மாமா


மே 16

மாமா,

கடிதம் வந்த அன்றே எண்களை மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் இருந்த சந்தோஷம் என்னையும் தொற்றிக்கொண்டது. பழகினால் சொல் நிற்கும் என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். பதிவுகளைக் கேட்காமல் கொடுத்தது என் முட்டாள்தனம்.

நேற்று கேட்டேன். தையல்கடைக்காரரில் ஆரம்பித்தேன்.

அவர்: "இது எங்கே சார் இருக்கு?"
நீங்கள்: "உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க."
அதுவரை சரி. கொஞ்ச நேரம் மின்விசிறி சத்தம். பிறகு நீங்கள்: "இயல்புன்னா என்ன? நீங்க இயல்பா எப்படி இருப்பீங்க?"
அவர்: "கடையில உட்கார்ந்திருப்பேன் சார்."
நீங்கள்: "அப்ப எங்கயோ போயிட்டீங்க, திரும்பக் கடைக்கு வரணும். எந்தப் பொத்தான்? மேல பாருங்க. இன்னும் மேல."

அடுத்து ஒரு அம்மா. நீங்கள்: "நொடின்னா எவ்வளவு நேரம்? கொஞ்ச நேரம். கொஞ்ச நேரத்துல செத்துப்போற சொல் எங்க வரும்? போனுக்கு வரும். போன்ல என்ன வந்திருக்கு, பாருங்க." அவர் "ஓடிபியா சார்?" என்றார். "அதேதான், அதோட பேர்தான் இது, சபாஷ்!" என்றீர்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். நீங்கள் வாயைத் திறக்காதவர்கள் ஏழு பேர். அவர்களில் தோற்றவர்கள் மூன்று பேர். மிச்ச நான்கு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

கேட்கும்போது எனக்குக் கோபம்கூட முதலில் வரவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதுதான் விஷயமே. சொல் தானாகப் புரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன், நீங்கள் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு போனுக்குப் பக்கத்திலும் உங்களை உட்கார வைக்க முடியாது மாமா.

நான் இப்போது என்ன செய்யட்டும்?


மே 25

மாப்பிள்ளைக்கு,

வேலையை விளக்கினேன். அதைப் பாடம் என்கிறீர்கள். எழுபது வயதுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். அவரைப் பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சம்பளம் கொடுத்தாலும் வராது. அப்படிப் பார்ப்பது உங்கள் தொழில். நீங்கள் பழகிக்கொண்டீர்கள்.

ஆங்கிலச் சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்காமலா கற்றார்கள்? ஓடிபி என்று முதலில் கேட்டபோது உங்கள் அம்மாவுக்குப் புரிந்ததா? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தானே கொடுத்தீர்கள்? கடைக்காரன் சொன்னான், வங்கிக்காரன் சொன்னான், பேரன் சொன்னான். ஊரே சேர்ந்து ஆங்கிலத்துக்கு வாத்தியார் வேலை பார்த்திருக்கிறது. தமிழுக்கு ஒரே ஒரு வாத்தியார் பார்த்தால் அது கள்ளத்தனமா?

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள். முப்பது பேரின் பதிவை உட்கார்ந்து கேட்க உங்கள் மேலாளருக்கு வேறு வேலை இல்லையா? அவருக்குத் தமிழும் அவ்வளவு வராது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எண்கள் கொடுத்தாகிவிட்டது, விட்டுவிடுங்கள். என் மகளுக்காகவாவது.

மாமா


ஜூன் 14

மாமா,

ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் சொன்னபடியே. நான் ஒன்றும் செய்யாதது இதுவே முதல் தடவை, இனி நடக்காது.

திங்கட்கிழமை கூட்டம். எண்கள் இவ்வளவு நன்றாக இருக்கின்றனவே, மருத்துவமனைக்காரர்களுக்கு ஒன்றிரண்டு பதிவு போட்டுக் காட்டலாம் என்று மேலாளர் ஆசைப்பட்டார். நான் தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாம், எதையாவது போடு" என்று அவரே ஒன்றைத் தொட்டார். "கொஞ்ச நேரத்துல செத்துப்போற சொல் எங்க வரும்?" என்று உங்கள் குரல் வந்தது. மேலாளருக்கு அவ்வளவு தமிழ் வராதுதான். மருத்துவமனையிலிருந்து வந்தவர்களுக்கு வரும். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனார்.

பிறகு மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியும் என்றேன். "சொல்ல வேண்டியதுதானே?" மாமனார் என்று சொன்னேன். நான் சொன்னதிலேயே மட்டமான பதில் அதுதான்.

முடிவு இது. தமிழ்ச் சொற்கள் எதுவும் வேண்டாம். கலந்த பட்டியலும் வேண்டாம். முதல் சோதனையை நடத்தியவனும் நான்தானே, அதையும் நம்ப முடியாது என்கிறார். தேடு போய்விட்டது மாமா. சேமி, அழி, அனுப்பு எல்லாம் போய்விட்டன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஜெயித்த சொற்கள் அவை. இனி சர்ச், சேவ், டெலீட், செண்ட். "நாளை மாற்று" இருந்த இடத்தில் ரீஷெட்யூல். அது படிக்கக் கஷ்டம் என்று நான் சொன்னேன். "உன் எண்ணா?" என்று கேட்டார்.

சொற்களை ஒப்பிடும் வேலையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். இனி பில் போடும் பகுதி. அங்கே எல்லாமே எண்கள்தான், எந்த மொழியிலும் சண்டை வராது.

மார்ச்சில் "சரி, கலந்த பட்டியலாவது இருக்கட்டும்" என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சொற்களாவது இன்று இருந்திருக்கும்.


ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

உங்களை இடம் மாற்றியதற்கு வருத்தப்படுகிறேன். என் மகள் போனை எடுப்பதில்லை. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

புதுப் பதிப்பு இங்கும் வந்துவிட்டது. உங்கள் அத்தைக்கு முட்டி வலி, டாக்டரைப் பார்க்க நாள் குறிக்க வேண்டும். இந்தக் கண்றாவியை அவளிடம் காட்டி நாலு வார்த்தை திட்டலாம் என்று போனைக் கேட்டேன். "இருங்க, நானே எடுத்துத் தரேன்" என்று முந்தானையில் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு ஏதோ அழுத்தினாள். பிடுங்கிப் பார்த்தேன். தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலம்கூட இல்லை. முழுக்க ஆங்கிலம்.

"எப்பயிலேருந்து இது?"

"வாங்கிக் குடுத்தீங்களே, அந்த வாரத்துலேருந்து."

"என் பட்டியல் இருந்தப்பவும்?"

"நீங்க பக்கத்துல வந்தா தமிழுக்கு மாத்திக்குவேன். நீங்க சந்தோஷப்படுவீங்களேன்னு."

என் சொற்களில் என்ன குறை என்று கேட்டேன். அவள் அதற்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் பயன்படலாம். "குறையெல்லாம் இல்லைங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா நடுவுல மாட்டிக்கிட்டா நான் யாரைக் கேட்பேன்? பக்கத்து வீட்டுக்காரி போன்ல அப்லோடுன்னு இருக்கு. என் போன்ல பதிவேற்றுன்னு இருந்தா, எதை அமுக்கணும்னு அவ எப்படிச் சொல்லுவா? உங்களைக் கேட்டா ஒரு மணி நேரம் பாடம் எடுப்பீங்க. எனக்கு டாக்டர்கிட்ட போகணும், அவ்வளவுதான்."

நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். என்னைச் சந்தோஷப்படுத்த அவள் போனையே மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். அப்படியென்றால் அந்தத் தாளில் குறி போட்டவர்களை நான் என்ன சொல்ல?

ஆனாலும் உங்களை மன்னிக்க முடியவில்லை. தேடு, அழி, அனுப்பு எல்லாம் அவளே ஒப்புக்கொள்ளும் சொற்கள். பதிவுகளைக் கேட்டதும் நீங்கள் மேலாளரிடம் போயிருந்தால் அவையாவது பிழைத்திருக்கும். ஒன்றும் செய்யாதீர்கள் என்று நான் எழுதினேன்தான். நான் சொன்னதையெல்லாம் நீங்கள் எப்போதிலிருந்து கேட்க ஆரம்பித்தீர்கள்?

ஒரே ஒரு உதவி. அந்தப் பதிவுகளை அழித்துவிடுங்கள். என் குரல் அங்கே கிடக்க வேண்டாம்.

மாமா


ஜூலை 9

மாமா,

அத்தை சொன்னதைப் படித்தேன். தமிழைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள் என்று இரண்டு வருடம் நாங்கள் தேடிக்கொண்டிருந்த காரணம் அது. எந்தச் சோதனையிலும் பிடிபடவில்லை, ஏனென்றால் சோதனையில் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்தோம். இப்போது அதைச் சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை. சொல்ல எனக்கும் இடமில்லை.

உங்கள் மகள் பேசுவாள், இப்போது இல்லை. அவளுக்குக் கோபம் உங்கள் மேல் மட்டுமல்ல.

பதிவுகளை அழிக்க முடியாது. அவை கம்பெனியின் சொத்து. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். சோதனையை எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு உங்கள் குரல்தான் பாடம். தையல்கடைக்காரர் "கடையில உட்கார்ந்திருப்பேன் சார்" என்னும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நான் எழுந்து காப்பி எடுக்கப் போய்விடுவேன். யாருடைய குரல் என்று புதியவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பதில் தெரியாதபோது இன்னொருவர் காதோடு எடுத்துக்கொடுத்தால், அதற்கு இப்போது அந்தப் பதிவிலிருந்து வந்த ஒரு பெயர் இருக்கிறது. நேற்று கூட்டத்தில் ஒரு பெண் திணறினாள், பக்கத்திலிருந்தவன் ஏதோ முணுமுணுத்தான். மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "ஏய், நொடிச்சொல் குடுக்காதே."

யாரும் விழிக்கவில்லை. யாரும் விளக்கம் கேட்கவில்லை. தமிழே சரியாக வராத மனிதர் அவர்.

மாப்பிள்ளை